வராதவரின் பெயர்

தலைமையாசிரியை அவர்களுக்கும், உடன் பணியாற்றிய ஆசிரியைகளுக்கும், பெற்றோருக்கும், மாணவியருக்கும் என் வணக்கம்.

இன்று டிசம்பர் 20. கணவனை இழந்த சிறுமிகளின் கல்விக்காக உழைத்த சகோதரி சுப்பலட்சுமி 1969-இல் இதே நாளில் மறைந்தார். அவர் பிறந்தது, படித்தது, பெற்ற விருதுகள் எல்லாம் நம் நுழைவாயில் பலகையில் எழுதப்பட்டிருக்கின்றன. தினமும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறீர்கள். ஆகவே அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் எதைப் பெரிதாக நினைத்தார் என்பதை மட்டும் பேச விரும்புகிறேன்.

அந்தக் காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் கணவனை இழந்த பெண் எதிரே வந்தால் சகுனத் தடை என்று மக்கள் வீட்டுக்குள் திரும்பிவிடுவார்கள். கல்யாண வீட்டில் அவளுக்குச் சமையலறையின் பின்கட்டுதான் இடம். சகோதரியும் சிறு வயதிலேயே அந்த நிலைக்கு ஆளானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற பிறகு, தன்னைப் போன்ற நான்கு பெண்களை எழும்பூரில் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டு படிக்கவைத்தார். எண்ணிக்கை பெருகிய பிறகு அந்த விடுதி கடற்கரை ஐஸ்ஹவுஸுக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. இன்று விவேகானந்தர் இல்லம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம், சுவரோரம் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்திருந்த சிறுமிகளை நான் நினைத்துக்கொள்வேன்.

அவர்களுக்கு அடைக்கலம் தந்ததோடு அவர் நின்றிருக்கலாம். அதுவே பெரிய காரியம்தான். ஆனால் அவர்களை ஆசிரியைகளாக்க நினைத்தார். இதில்தான் அவருடைய மனத்தை நான் பார்க்கிறேன். யாருடைய முகத்தில் விழிக்கக் கூடாது என்று ஊர் சொன்னதோ, அந்த முகத்தைத்தான் நூறு குழந்தைகள் காலையில் முதலில் பார்த்து வணக்கம் சொல்லும்படி செய்துவிட்டார். சகுனத்தைப் பற்றி அவர் யாரோடும் வாதாடத் தேவையே இல்லாமல் போயிற்று.

பிறகு, பதினெட்டு வயதைத் தாண்டிய பெண்களை அந்த விடுதியில் சேர்த்துக்கொள்ள விதி இடம் தரவில்லை. அவர்களுக்காகவே சாரதா வித்யாலயா தொடங்கப்பட்டது. விதியோடு மல்லுக்கட்டி நாளைக் கடத்தாமல், விதிக்கு வெளியே நின்றவர்களுக்கென்று இன்னொரு வாசலை வைத்தார். யார் வந்திருக்கிறார்கள் என்று எல்லாப் பள்ளிகளும் எண்ணும். யார் வரவில்லை என்று எண்ணியவர் அவர்.

ஒன்றைச் சொல்ல எனக்குத் துணிவு வேண்டியிருக்கிறது. இங்கே வருவதற்கு முன், வேறோர் ஊரில் பணியைத் தொடங்கிய புதிதில், இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தி மணம் செய்துகொடுத்துவிட்டார்களாம். "டீச்சர், திரும்பப் படிக்கலாமா?" என்று கேட்டாள். "வயது தாண்டிவிட்டது, இடம் இல்லை" என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தனித்தேர்வராக எழுதலாம் என்பது எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு அவள் வெயிலில் இறங்கிப் போனாள். அவள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சகோதரியின் படத்துக்கு மாலை போடும் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்த முதுகுதான் என் கண்முன் நிற்கிறது.

மாணவியரே, இன்று உங்களை யாரும் அப்படித் திருப்பி அனுப்பவில்லை. ஆனாலும் உங்கள் பெஞ்சில் பக்கத்து இடம் காலியாவது உண்டு. தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டாள், பெண் பார்க்க வருகிறார்களாம், பஸ்ஸுக்குக் காசு இல்லையாம் என்று காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்; ஆசிரியைக்குத் தெரியாது. தோழியைக் காட்டிக்கொடுப்பதாக நினைத்து மறைக்காதீர்கள். வந்து சொல்லுங்கள். பதினெட்டு வயதுக்குள் மணம் பேசினால் 1098 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். எந்த நேரமும் எடுப்பார்கள், காசு இல்லை.

ஆசிரியைகளுக்கு ஒரு வேண்டுகோள். வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து வராதவரின் பெயரைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், அந்த வீட்டு வாசலுக்கு ஒருமுறை போய் வாருங்கள். பேனாவை எடுப்பதற்கு முன் செருப்பைப் போடுங்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவி தீபாவளி விடுமுறைக்குப் பிறகு வரவில்லை என்று காலையில் வகுப்பாசிரியை என்னிடம் சொன்னார். நாளைக் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் இருவரும் அவள் வீட்டுக்குப் போகிறோம். உடன் வர விரும்பும் பெற்றோர் பள்ளி வாசலுக்கு வந்துவிடுங்கள். அவளுடைய கணக்கு நோட்டு வகுப்பிலேயே இருக்கிறதாம். அதையும் எடுத்துக்கொண்டுதான் போகிறோம்.

வணக்கம்.