ஆர்டர் போடும் முன் 15 விநாடி: ரிட்டர்ன், எக்ஸ்சேஞ்ச் வீடியோ ஸ்கிரிப்ட்

நம் ஆயத்த ஆடைக் கடையின் ஒவ்வொரு பொருள் பக்கத்திலும், படங்களுக்குக் கீழே, 'வாங்கு' பட்டனுக்கு மேலே இந்த வீடியோ ஓடும். நிற்கும் வாக்கில், 9:16 அளவில் எடுக்க வேண்டும். முதன்மை வீடியோ ஒன்று, துணை வீடியோக்கள் மூன்று. எல்லாவற்றையும் ஒரே உட்காரலில் படம்பிடித்துவிடலாம். பேசுபவர், கேமரா, எடிட் மூவருக்கும் இது ஒரே தாள்.

பேச்சு எழுத்து நடையில் இருக்கிறது. உங்கள் வாய்க்கு வரும் வழக்கில் சொல்லுங்கள். 'இருக்க வேண்டும்' என்பதை 'இருக்கணும்' ஆக்கினால் தவறில்லை. எண்ணையும் 'மாட்டோம்' என்ற சொல்லையும் மட்டும் மாற்றக் கூடாது. 'முடிந்தால் பார்க்கிறோம்', 'பெரும்பாலும் வாங்குவதில்லை' என்று இளக்கினால், அந்த இளக்கத்தை நம்பி ஒருவர் ஆர்டர் போட்டுவிடுவார்.

முதன்மை வீடியோ: 15 விநாடி

0–5 விநாடி
காட்சி: மேசை மேல் மூன்று உடைகள். கை ஒவ்வொன்றாக ஓரம் தள்ளுகிறது. பேசுபவர் முகம் இன்னும் வரவில்லை.
குரல்: "உள்ளாடை, தள்ளுபடி உடை, அளவு கொடுத்துத் தைத்த உடை: இந்த மூன்றையும் திருப்பி வாங்க மாட்டோம்."
திரை எழுத்து: திருப்ப முடியாதவை: உள்ளாடை • தள்ளுபடி • அளவு கொடுத்துத் தைத்தது

5–10 விநாடி
காட்சி: பேசுபவர் ஒரு சட்டையின் டேக்கைக் கேமராவுக்குக் காட்டுகிறார்.
குரல்: "மற்றதெல்லாம் கைக்கு வந்து 7 நாளுக்குள் திருப்பலாம், மாற்றலாம். டேக் இருக்க வேண்டும், துவைத்திருக்கக் கூடாது."
திரை எழுத்து: கைக்கு வந்த மறுநாளிலிருந்து 7 நாள் • டேக்குடன் • துவைக்காமல்

10–15 விநாடி
காட்சி: பார்சலை ஒட்டி, கூரியர் சீட்டு பதிக்கும் கை. கடைசி இரண்டு விநாடி பேசுபவர் முகம்.
குரல்: "எங்கள் தவறென்றால் கூரியர் செலவு எங்களுடையது. அளவோ மனமோ மாறினால் அனுப்பும் கூரியர் உங்களுடையது."
திரை எழுத்து: கூரியர்: எங்கள் தவறென்றால் எங்களுடையது, அளவோ மனமோ மாறினால் அனுப்பும் கூரியர் உங்களுடையது • கிழிசல், தவறான பொருள் என்றால் முதலில் சொன்ன மூன்றுக்கும் மாற்று உடை அல்லது பணம் • பணம்: உடை எங்களிடம் வந்த பின் 5 வேலை நாளில்

மொத்தம் முப்பது சொச்சம் சொல். சாதாரண வேகத்தில் 15 விநாடிக்கு அவ்வளவுதான் கொள்ளும். ஒத்திகையில் 16 விநாடி வந்தால் வேகத்தைக் கூட்டாமல் இரண்டாம் பகுதியில் 'மற்றதெல்லாம்' என்பதற்கு முன்னும் பின்னும் விடும் மூச்சைக் குறையுங்கள். முதல் பகுதியை அவசரப்படுத்த வேண்டாம்.

'வாங்க மாட்டோம்' முதலில் வருவது வேண்டுமென்றேதான். வணக்கம், கடையின் பெருமை, சிரிப்பு எதுவும் அதற்கு முன் வேண்டாம். பாதியில் வீடியோவைத் தள்ளிவிட்டுப் போகிறவர் முதல் சில விநாடிகளைத்தான் கேட்டிருப்பார். 7 நாள் கெடு தெரியாமல் வாங்கியவருக்குக்கூட வழி இருக்கிறது, உடை வந்த பின் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தள்ளுபடி உடை திரும்பாது என்று தெரியாமல் வாங்கியவருக்கு அப்புறம் ஒரு வழியும் இல்லை. அதனால் அது முதல் வாக்கியம். ஆர்டர் நாலு குறைந்தாலும் பரவாயில்லை. அந்த நாலும் சண்டையாகத் திரும்பி வந்திருக்கும்.

'கைக்கு வந்து' என்ற இரண்டு சொல்லையும் விழுங்கிவிடாதீர்கள். ஆர்டர் போட்ட நாளிலிருந்து எண்ணுவதா, பார்சல் வந்த நாளிலிருந்தா என்பதில்தான் குழப்பம் எழும். பார்சல் வந்த மறுநாள் முதல் நாள். ஏழாம் நாள் முடிவதற்குள் நமக்குத் தகவல் வந்தால் போதும். உடை அதற்குள் நம்மிடம் வந்து சேர வேண்டியதில்லை.

முந்தைய வரைவில் சேதத்துக்கு 2 நாள், அளவு மாற்றத்துக்கு 7 நாள் என்று இரண்டு கெடு இருந்தது. 15 விநாடியில் இரண்டு எண் மனதில் நிற்காது, கேட்டவர் ஏதோ ஒன்றைத்தான் பிடித்துக்கொள்வார், அதுவும் தனக்குச் சாதகமானதை. இப்போது எல்லாவற்றுக்கும் 7தான்.

எடிட் செய்பவருக்கு: ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர் ஏராளம். திரை எழுத்தை மட்டும் படித்தாலும் முழு விதியும் தெரிய வேண்டும். எழுத்தைத் திரையின் நடுப்பகுதியில் வையுங்கள்; அடியில் வைத்தால் பட்டன்கள் மறைத்துவிடும். 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று மூலையில் நட்சத்திரக் குறி போட வேண்டாம். நிபந்தனையைச் சொல்லத்தானே வீடியோவே. பின்னணி இசை முதல் 5 விநாடிக்கு இல்லை.

துணை வீடியோ 1: அளவு மாற்றம், 15 விநாடி
(அளவு அட்டவணைக்குப் பக்கத்தில் வரும்)

காட்சி: பேசுபவர் அளவு நாடாவை ஒரு சட்டையின் மார்புப் பகுதியில் வைத்து அளக்கிறார். அப்புறம் அதே சட்டையின் அடுத்த அளவை எடுத்து மேலே வைக்கிறார். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.
குரல்: "அளவு பொருந்தவில்லையா? ஒரு முறை மாற்றித் தருவோம். நீங்கள் அனுப்பும் கூரியர் உங்கள் செலவு, நாங்கள் அனுப்புவது எங்கள் செலவு. கேட்ட அளவு கையிருப்பில் இல்லையென்றால் உடைக்கான பணம் திரும்பும்."
திரை எழுத்து: அளவு மாற்றம் ஒரு முறை • நீங்கள் அனுப்பும் கூரியர் உங்களுடையது, நாங்கள் அனுப்புவது எங்களுடையது • கையிருப்பு இல்லையென்றால் பணம்

'ஒரு முறை' என்பதில் ஒரு விரலைக் காட்டுங்கள். அட்டவணையில் போட்ட அளவும் உடையின் அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் அது நம் தவறு, இரண்டு கூரியரும் நம் செலவு. குரலில் இதற்கு இடமில்லை, கீழே உள்ள எழுத்து விளக்கத்தில் வருகிறது.

துணை வீடியோ 2: கிழிசல், கறை, தவறான பொருள், 15 விநாடி

காட்சி: பார்சலைப் பிரிக்கும் கை. உடையின் ஓரத்தில் தையல் விட்டிருக்கிறது. அதே கை போனில் கிழிசலை ஒரு படமும், பார்சல் மேலுள்ள சீட்டை ஒரு படமும் எடுக்கிறது.
குரல்: "கிழிந்து வந்ததா, வேறு உடை வந்ததா? ஒரு படம் உடைக்கு, ஒரு படம் சீட்டுக்கு. ஆர்டர் எண்ணோடு 7 நாளுக்குள் அனுப்புங்கள். புது உடையா, பணமா, நீங்களே சொல்லுங்கள். கூரியர் எங்கள் செலவு."
திரை எழுத்து: 2 படம் + ஆர்டர் எண் • 7 நாள் • மாற்று உடை அல்லது முழுப் பணம் • கூரியர் எங்கள் செலவு

பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்திருந்தால்தான் ஏற்போம் என்று பல கடைகள் சொல்கின்றன. நமக்கு அது வேண்டாம். வீடியோ இருந்தால் நமக்குச் சரிபார்க்கச் சுலபம், ஆனால் வீடியோ இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுப்பதில்லை. பேசுபவர் இதைத் தன் போக்கில்கூட 'வீடியோ கட்டாயம்' என்று சொல்லிவிடக் கூடாது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. திரையில் பார்த்த நீலமும் கையில் வந்த நீலமும் கொஞ்சம் மாறலாம், ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு மாதிரி காட்டும். இதைத் தவறான பொருள் கணக்கில் சேர்ப்பதில்லை. மனம் மாறிய கணக்கில் திருப்பிக்கொள்ளலாம். நீலம் கேட்டுப் பச்சை வந்தால் அது நம் தவறு, அதில் பேச்சே இல்லை.

துணை வீடியோ 3: பணம் எப்போது, எங்கே, 15 விநாடி

காட்சி: நம் பிரித்துப் பார்க்கும் மேசை. திரும்பி வந்த சட்டையை ஒருவர் விரித்து, டேக் பார்த்து, பதிவு செய்கிறார்.
குரல்: "திரும்பி வந்த உடையைப் பார்த்து, 5 வேலை நாளில் பணம் அனுப்புவோம். செலுத்திய வழியிலேயே திரும்பும். வீட்டில் ரொக்கம் கொடுத்திருந்தால் வங்கிக் கணக்குக்கு வரும்."
திரை எழுத்து: உடை வந்ததிலிருந்து 5 வேலை நாள் • செலுத்திய வழியிலேயே • ரொக்கம் என்றால் வங்கிக் கணக்கு

'உடனே பணம்' என்று வாய் தவறியும் வரக் கூடாது. நாம் அனுப்பிய பிறகு வங்கி தன் பங்குக்கு நாள் எடுத்துக்கொள்ளலாம்.

வீடியோவுக்குக் கீழே வரும் எழுத்து விளக்கம்
(அப்படியே ஒட்ட வேண்டியது)

பார்சல் கைக்கு வந்த மறுநாளிலிருந்து 7 நாளுக்குள் திருப்பவோ மாற்றவோ கேட்கலாம். உடையில் டேக் இருக்க வேண்டும். போட்டுப் பார்க்கலாம், துவைத்திருக்கவோ, வாசனைத் திரவியம் பட்டிருக்கவோ, தைத்து அளவு மாற்றியிருக்கவோ கூடாது.

உள்ளாடை, தள்ளுபடிப் பகுதியில் வாங்கிய உடை, உங்கள் அளவுக்குத் தைத்துக் கொடுத்த உடை ஆகியவற்றை மனம் மாறியதற்காகவோ அளவுக்காகவோ திருப்பி வாங்குவதில்லை. அவை கிழிந்தோ கறையோடோ வந்தால், வேறு பொருளாக இருந்தால், நீங்கள் கொடுத்த அளவில் நாங்கள் தைக்காமல் விட்டிருந்தால் மாற்றித் தருவோம் அல்லது பணத்தைத் திருப்பித் தருவோம்.

எங்கள் தவறு என்றால், இரண்டு கூரியரும் எங்கள் செலவு; பணம் திரும்பும்போது முதலில் நீங்கள் கட்டிய டெலிவரிக் கட்டணமும் சேர்ந்து திரும்பும். எங்கள் அளவு அட்டவணை தவறாக இருந்தாலும் அப்படியே. மனம் மாறித் திருப்பினால் உடையின் விலை மட்டும் திரும்பும். டெலிவரிக் கட்டணம் திரும்பாது, அனுப்பும் கூரியரும் உங்களுடையது.

கூப்பன் போட்டு வாங்கியிருந்தால் நீங்கள் உண்மையில் செலுத்திய தொகை திரும்பும். கூப்பன் போட்டதால் மட்டும் ஒரு உடை தள்ளுபடி உடை ஆகாது; தள்ளுபடிப் பகுதியில் உள்ள உடைகளின் படத்திலேயே 'திருப்ப முடியாது' என்று எழுதியிருக்கும்.

வேறு உடைக்கு மாற்றும்போது விலை கூடினால் மீதியைக் கட்ட வேண்டும், குறைந்தால் மீதியை அனுப்பிவிடுவோம்.

எங்களிடமிருந்து பதில் வரும் முன் பார்சலை அனுப்ப வேண்டாம். நாங்கள் தரும் ரிட்டர்ன் எண்ணைப் பார்சலின் மேல் எழுதினால்தான் உடை யாருடையது என்று தெரியும். கூரியர் ரசீதைப் பணம் வரும்வரை வைத்திருங்கள்.

தகவல் சொல்ல: 'என் ஆர்டர்கள்' பக்கத்தில் அந்த ஆர்டரைத் திறந்து, 'திருப்ப / மாற்ற' என்பதை அழுத்துங்கள். வேலை நாட்களில் காலை 10 முதல் மாலை 6 வரை பதில் சொல்கிறோம். விடுமுறை நாளில் எழுதினாலும் நீங்கள் எழுதிய நாளே கணக்கு.