தானியக்கமும் வேலைகளும்: உரையாளருக்கான கேள்விகள்

ஐயா, அமெரிக்க வேலைகளில் 47 விழுக்காடு கணினிமயமாதலால் பெரும் இடருக்கு உள்ளாகலாம் என்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்ரேயும் ஆஸ்போர்னும் 2013இல் கணித்தனர்; அவர்கள் குறிப்பிட்ட பத்து, இருபது ஆண்டுகளில் முதல் பத்து கடந்துவிட்ட நிலையில், எந்தத் தரவு கிடைத்தால் அக்கணிப்பு தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்?

வேலைகளை முழுமையாக எண்ணாமல் அவற்றிலுள்ள பணிகளைத் தனித்தனியே ஆராய்ந்த பொருளியல் ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பான ஓஇசிடியின் 2016ஆம் ஆண்டு ஆய்வு 9 விழுக்காடு என்றதே, இவற்றில் எதை நம்புவது?

தானியங்கிப் பண இயந்திரங்கள் பெருகியும் அமெரிக்க வங்கிக் காசாளர் எண்ணிக்கை நெடுங்காலம் குறையவில்லை. கிளை நடத்தும் செலவு குறைந்து கிளைகள் பெருகியதே காரணம் என்பர். ஆனால் கைப்பேசி வங்கிச் சேவை பரவியபின் அந்த எண்ணிக்கை சரிந்தது. தானியக்கம் வேலைகளைப் பறிக்காது என்று நம்புவோர் இக்கதையின் முற்பாதியை மட்டும் சொல்வது நேர்மையா?

1972இல் சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் கொள்கலன் முனையம் திறந்தபின், தமிழர் பலர் உட்பட மூட்டை சுமந்த துறைமுகத் தொழிலாளர்களின் தேவை சுருங்கியது, துறைமுகமோ வளர்ந்தது. மொத்த வேலைவாய்ப்பு பெருகியதென்னும் சான்று, வேலையிழந்த அதே மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதைக் காட்டுமா? இன்று சிங்கப்பூரில் தானியக்க முறையில் உருவாகிவரும் துவாஸ் துறைமுகத்தை ஆராய்வோர் எதை அளக்க வேண்டும்?