இன்று காலை தவறாக வந்த நல்லெண்ணெய் விலை: வருத்தமும் விளக்கமும்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இன்று காலை 6 மணிக்கு நம் கடையின் வாட்ஸ்அப் சேனலிலும் பேஸ்புக் பக்கத்திலும் மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் 215 ரூபாய் என்று வந்தது. அது தவறு. சரியான விலை 420 ரூபாய். 215 என்பது அரை லிட்டரின் விலை. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, வீட்டுக் கணக்குப் போட்டு எண்ணெய் வாங்குகிற உங்களுக்கு இப்படி ஒரு குழப்பத்தை உண்டாக்கியதற்கு மனதார மன்னிப்புக் கேட்கிறேன்.

நடந்தது இதுதான். தினமும் காலையில் வரும் விலைப் பதிவை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. விலைப்பட்டியலில் இருக்கும் எண்களை எடுத்துத் தானாகவே போய்விடும்படி வைத்திருந்தோம். நேற்று இரவு புதிதாக அரை லிட்டர் நல்லெண்ணெய் பாட்டிலுக்காகப் பட்டியலின் நடுவில் ஒரு வரியைச் சேர்த்தேன். அதற்குக் கீழே இருந்த விலைகள் எல்லாம் ஒரு வரி இறங்கிவிட்டன. பதிவில் பெயர்கள் அப்படியே நிற்க, விலைகள் மட்டும் மாறிப் போயின. அனுப்பும் முன் ஒரு முறை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை. பெருந்துறையிலிருந்து ஒரு அக்கா 8.15க்குப் போன் செய்து, "தம்பி, இந்த விலை சரிதானா?" என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. 8.40க்குத் திருத்திய பதிவு போட்டோம்.

அதற்குள் 41 பேர் நல்லெண்ணெய்க்கு ஆர்டர் அனுப்பியிருந்தீர்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் பணமும் கட்டிவிட்டீர்கள். 8.40க்கு முன் கேட்ட எல்லோருக்கும், வீட்டுக்கு 2 லிட்டர் வரை, லிட்டர் 215 ரூபாய்க்கே தருகிறோம். பணம் கட்டாமல் "ரெண்டு லிட்டர் எடுத்து வைங்க" என்று மட்டும் செய்தி போட்டவர்களுக்கும் இதேதான். நாங்கள் சொன்ன விலையை நம்பித்தானே கேட்டீர்கள். 2 லிட்டருக்கு மேல் கேட்ட ஐந்து பேருக்கு மட்டும் முழுவதையும் அந்த விலைக்குத் தர எங்களால் முடியவில்லை. அவர்களிடம் நானே பேசிவிட்டேன். மீதி லிட்டர்களைச் சரியான விலைக்கு எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றால் கட்டிய பணம் இன்றே திரும்பும்.

தேங்காய் எண்ணெயும் 480 என்பதற்குப் பதில் 420 என்று வந்திருந்தது. அதைக் கேட்ட ஆறு பேருக்கும் 420 தான். விளக்கெண்ணெயில் தவறு உங்களுக்கு எதிராகப் போய்விட்டது: லிட்டர் 320 ரூபாய், ஆனால் பதிவில் 480. மூன்று பேர் எதுவும் கேட்காமல் 480 கட்டியிருந்தீர்கள். லிட்டருக்கு 160 ரூபாய் வீதம் உங்கள் கணக்குக்குத் திருப்பி அனுப்பிவிட்டோம். நாளை மாலைக்குள் வரவில்லை என்றால் சொல்லுங்கள். கடலை எண்ணெய் விலையில் தவறு இல்லை.

நேற்று 420க்கு வாங்கியவர்கள் சிலர், "ஒரே நாளில் பாதி விலையா? அப்போ இத்தனை நாள் என்ன விலைக்கு விற்றீர்கள்?" என்று கேட்டீர்கள். வேறு சிலருக்குக் கலப்படமோ என்ற சந்தேகம். இரண்டும் நியாயமான கேள்விகள், அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் செக்கில் போட வேண்டும். இந்த முறை சிவகிரி ஒழுங்குமுறை விற்பனைக்கூட ஏலத்தில் கிலோ 130 ரூபாய்க்கு எடுத்தோம். எள்ளுக்கு மட்டுமே 325 ரூபாய் ஆகிவிடுகிறது. அப்புறம் கருப்பட்டி, ஆட்டுகிற கூலி, பாட்டில். புண்ணாக்கு விற்ற காசு ஓரளவு கைகொடுக்கும், அவ்வளவுதான். 215 ரூபாய்க்கு எங்களால் ஒரு லிட்டர் நல்லெண்ணெய் ஆட்டவே முடியாது. நேற்று நீங்கள் கொடுத்தது சரியான விலை. இன்று 215க்கு வாங்குபவர்களுக்குப் போவதும் அதே எண்ணெய்தான்.

தானாகப் போகும் பதிவை இன்றோடு நிறுத்திவிட்டோம். இனி விலைப் பதிவு முந்தின நாள் இரவே என் போனுக்கு வரும். ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்து நான் சரி என்று அழுத்தினால்தான் உங்களுக்கு வரும். வரிசையைப் பார்த்து விலை எடுக்காமல், பொருளின் பெயரைப் பார்த்து எடுக்கும்படியும் மாற்றிவிட்டோம்.

ஒரு வேண்டுகோள். காலையில் கடைப் போனை எடுத்த தங்கையிடம் சிலர் கடுமையாகப் பேசிவிட்டீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்தப் பட்டியலில் கை வைத்தது நான், அவர் இல்லை. திட்டுவதென்றால் என்னையே கூப்பிடுங்கள். பாட்டில் லேபிளில் இரண்டாவதாக இருப்பது என் நம்பர்தான், இரவு 9 மணி வரை எடுப்பேன்.

காலைப் பதிவைக் குடும்பக் குழுவிலோ தெருக் குழுவிலோ பகிர்ந்திருந்தால், தயவுசெய்து இந்தச் செய்தியையும் அங்கே போட்டுவிடுங்கள். பழைய விலையை நம்பி யாரும் தூரத்திலிருந்து பஸ் ஏறி வந்துவிடக் கூடாது.

வருத்தத்துடன்,
செக்குக் கடை உரிமையாளர்,
ஈரோடு