சொல்வதை எழுதுபவர்: என் பணிப் பதிவேட்டிலிருந்து

ஏப்ரல் 9, 2025

நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். சென்ற ஆண்டு அந்த நேரம் பெரும்பாலும் வளாகத் தூய்மையிலும் மரக்கன்று நடுவதிலும் கழிந்தது. இந்த ஆண்டு, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் எழுதித்தர ஆள் தேவை என்று அறிவித்தபோது, என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்ற எண்ணத்தில்தான் பெயர் கொடுத்தேன். வரலாறு இளங்கலை மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா ஒருவருக்கு என்னை ஒதுக்கினார்கள். நான் பொருளியல் இரண்டாம் ஆண்டு.

தேர்வுக்கு முன் அவருக்குப் பாடம் வாசித்துக்காட்ட இன்று விடுதிக்குப் போனேன். கைப்பேசியே எல்லாவற்றையும் வாசித்துவிடுமே, நான் எதற்கு என்று கேட்டேன். பதிலாக, துறையில் கொடுத்த பாடக்குறிப்பு ஒன்றைத் திறந்து என் காதருகே வைத்தார். அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. திரையில் நமக்கு ‘அம்மா’ என்று தெரிவது கருவிக்கு mk;kh மட்டுமே. ஆங்கில எழுத்துகளைப் பொருளில்லாமல் அடுக்கிக்கொண்டே போனது அந்தக் குரல். தமிழ் எழுத்தைத் தமிழாகவே பதியும் ஒருங்குறியில் தட்டச்சு செய்திருந்தால் இந்த ஆண்டு முழுவதும் அவர் யாரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. அவருக்குக் குறையாக இருந்தது கண் என்று நினைத்துக்கொண்டு போனேன். உண்மையில் குறைபட்டிருந்தது அந்தக் கோப்பு.

ஏப்ரல் 16

முதல் தேர்வு. தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இருவர். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்ற கணக்கில் மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகிறது. ஒவ்வொரு வினாவையும் இரண்டு முறை வாசித்தேன். அக்கா சற்று நேரம் விரல்களால் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருப்பார். பிறகு நிறுத்தக்குறி உட்படச் சொல்லத் தொடங்குவார்.

1806 வேலூர் நிகழ்வு குறித்த பத்து மதிப்பெண் வினாவில்தான் அது நடந்தது. புதிய தலைப்பாகை, அதிலிருந்த தோல் குஞ்சம், நெற்றிக்குறிக்கும் தாடிக்கும் விதித்த தடை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னார். எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னார். இரண்டாவது வரியிலேயே நிறுத்தினார்.

“நான் புரட்சி என்று சொன்னேன். நீ கலகம் என்று வாசிக்கிறாய்.”

“இரண்டும் ஒன்றுதானே, அக்கா?”

“இல்லைம்மா. கலகம் என்பது அடக்கியவன் வைத்த பெயர். என் விடை முழுவதும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.”

அடித்துத் திருத்தினேன். என் வீட்டில் பெரியவர்கள் ‘சிப்பாய்க் கலகம்’ என்று சொல்லிக் கேட்டுப் பழகிய காது, அவர் சொன்னதைக் கேட்காமலேயே கையை ஓட்டியிருக்கிறது. அதைவிட உறுத்தியது வேறொன்று. முந்தைய விடைகளிலும் இரண்டு இடங்களில் வாக்கியத்தை ‘அழகுபடுத்தி’ எழுதியிருந்தேன். உதவி என்று நம்பியே செய்தேன். தேர்வில் அதற்குப் பெயர் முறைகேடு. அவருடைய மதிப்பெண்ணில் என் பங்கு கலந்துவிட்டால் அது அவருக்குச் செய்யும் அவமதிப்பும்கூட. அந்த இரண்டையும் நானே சொல்லி, அவர் சொன்னபடியே மாற்றினேன். அவர் கோபப்படவில்லை, “இனி ஒவ்வொரு பத்தியையும் வாசித்துவிடு” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 21

இரண்டாம் தேர்வு தடையின்றி முடிந்தது. இன்றைக்கு எழுத வேண்டியது வீட்டில் நடந்ததைப் பற்றி.

பக்கவாதம் வந்த பிறகு தாத்தாவுக்குப் பேச்சு மெதுவாகவே வருகிறது. அவர் ஒரு சொல்லைத் தேடும்போது நான் அதை எடுத்துக் கொடுத்துவிடுவேன். பாசம் என்றே நினைத்திருந்தேன். இன்று மாலை, “அந்த...” என்று தொடங்கினார். தண்ணீர் என்று வாய்வரை வந்த சொல்லை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். அரை நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அத்தையிடம் பேசிப் பல நாளாகிறது, கைப்பேசியில் கூப்பிட்டுத் தா என்றார். இத்தனை மாதங்களில் கேட்காமலேயே எத்தனை தம்ளர் தண்ணீர் கொடுத்திருப்பேன் என்று எண்ணியபோது அழுகை வந்தது.

ஏப்ரல் 25

கடைசித் தேர்வு. இறுதி வினாவில் அக்கா நெடுநேரம் பேசவில்லை. கடிகாரத்தில் 25 நிமிடமே மீதி இருந்தது. விடையின் தொடக்கம் எனக்குத் தெரியும். நான் வாசித்துக்காட்டிய பக்கம்தான் அது. பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, மீதி நேரத்தை மட்டும் சொன்னேன். தலையசைத்தார். பிறகு, நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து அல்லாமல், முடிவிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்து நிமிடம் இருக்கும்போது முழுவதையும் ஒருமுறை வாசித்தேன். ஒரு காற்புள்ளியை மட்டும் எடுக்கச் சொன்னார்.

தேர்வறைப் பணி 12 மணி நேரம், வாசிப்பு எட்டு மணி நேரம். நவம்பர் தேர்வுகளுக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். அதற்குள் அந்தப் பாமினிக் குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றத் துறையில் அனுமதி கேட்டிருக்கிறேன். அடுத்து வரும் மாணவர்களாவது அவற்றைத் தாங்களே கேட்டுப் படிக்கட்டும்.