மேகமில்லாத இரவில் பள்ளத்தாக்கின் அடி, மேற்சரிவைவிட 3.4 டிகிரி கூடுதலாகக் குளிர்கிறது

உதகைக்கு அருகிலுள்ள ஒரு பள்ளத்தாக்கில், கடந்த டிசம்பர், ஜனவரி மாதங்களின் 36 தெளிந்த இரவுகளில் அளந்தது. சராசரி வேறுபாடு 3.4 டிகிரி செல்சியஸ். 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 2.7 முதல் 4.1 வரை.

இந்தப் பலகையை நடந்துகொண்டே படிப்பவர்களுக்கு மேலேயுள்ள வரிகள் போதும். நிற்க ஒரு நிமிடம் இருப்பவர்களுக்காக, அந்த எண் எப்படி வந்தது, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

பள்ளத்தாக்கின் அடியில் உள்ள கேரட் வயலில் ஒரு வெப்பமானியையும், அதற்கு 45 மீட்டர் உயரத்தில் உள்ள தேயிலைச் சரிவில் இன்னொன்றையும், இரண்டும் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு நிழற்கூண்டுக்குள் வைத்து, ஒவ்வோர் இரவின் மிகக் குறைந்த வெப்பநிலையையும் பதிவு செய்தோம். 36 தெளிந்த இரவுகளில் 35 இரவுகள் வயலே அதிகம் குளிர்ந்தது. விலகிநின்ற ஓர் இரவில் விடியும்வரை காற்று வீசியது.

உயரே செல்லச் செல்லக் குளிரும் என்பதே பொது அறிவு. அந்தக் கணக்குப்படி, 45 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறக்குறைய 0.3 டிகிரி குறைய வேண்டும். இங்கே அது தலைகீழாகியிருக்கிறது. மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்து குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து அடர்த்தி கூடி, சரிவில் மெல்ல இறங்கி, வெளியேற வழியில்லாத அடிநிலத்தில் தேங்குகிறது. மேகம் இருந்தால், அது வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புவதால் இந்தத் தேக்கம் வலுவிழக்கிறது. ஆகவேதான் மேகமூட்டமான இரவுகளை இந்தச் சராசரியில் சேர்க்கவில்லை; சேர்த்திருந்தால், இரு வேறு நிலைமைகளைக் கலந்து, எந்த இரவுக்கும் பொருந்தாத ஓர் எண்ணைத் தந்திருப்போம்.

2.7 முதல் 4.1 வரை என்ற இடைவெளி சராசரிக்கு உரியது. தனித்தனி இரவுகளுக்கு உரியது அன்று. தனி இரவுகளின் வேறுபாடு, வயலே சற்று வெதுவெதுப்பாக இருந்த -0.4 டிகிரியிலிருந்து 6.3 டிகிரி வரை பரவியிருக்கிறது. வலப்பக்கப் படத்தில் ஒவ்வோர் இரவும் ஒரு புள்ளி. இதே முறையில் மீண்டும் மீண்டும் அளந்து இடைவெளி கணித்தால், நூற்றுக்குச் சுமார் 95 முறை உண்மையான சராசரி அந்தந்த முறை கிடைக்கும் இடைவெளிக்குள் அடங்கும் என்பதே 95 விழுக்காடு என்பதன் பொருள்.

அடுத்தடுத்த இரவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நேற்று வானம் வெறிச்சோடியிருந்தால் இன்றும் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வோர் இரவையும் தனித்த சான்றாக எண்ணும் வழக்கமான கணக்கில் இடைவெளி 2.9 முதல் 3.9 வரை என்று குறுகித் தெரிகிறது. தொடர்ச்சியான ஐந்து இரவுகளை ஒரு தொகுதியாக எடுத்து, அத்தொகுதிகளிலிருந்து மீண்டும் மீண்டும் தற்செயலாகத் தேர்ந்து சராசரி காணும் மீள்மாதிரி செய்தபோது அது சற்று விரிந்தது. விரிந்ததையே தலைப்பின் கீழ் தந்திருக்கிறோம். உள்ளதைவிட உறுதி கூட்டிச் சொல்வது விவசாயிக்கு உதவாது. பி-மதிப்பை இங்கே அச்சிடாததற்கும் காரணம் உண்டு: வேறுபாடு இருக்கிறதா என்பதைவிட அது எவ்வளவு என்பதே நாற்றைக் காப்பவருக்குத் தேவை.

இது ஒரே பள்ளத்தாக்கு. இரவுகளின் எண்ணிக்கை எவ்வளவு கூடினாலும், இந்த இடைவெளி இந்த இடத்தைப் பற்றி மட்டுமே பேசும். அகன்று திறந்த பள்ளத்தாக்கில் வேறுபாடு குறையலாம், குறுகி மூடியதில் கூடலாம். மேலும், 1.2 மீட்டர் உயரத்துக் காற்றைவிடப் புல்லும் இலையும் தெளிந்த இரவில் அதிகம் குளிர்வதால், வெப்பமானி பூஜ்யத்துக்கு மேலே ஓரிரு டிகிரி காட்டும்போதே இலையில் உறைபனி படியலாம்.

எனவே, சரிவில் உள்ள ஒரு வெப்பமானியை மட்டும் பார்த்து அடிநிலத்துப் பயிர் தப்பிக்கும் என்று முடிவு செய்யக்கூடாது. மாலையில் வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்திருந்தால், மூடுவதற்குக் கையில் இருக்கும் காய்ந்த புல்லை முதலில் தாழ்ந்த பாத்திகளுக்கே பயன்படுத்துவது நல்லது.

கேத்தி, அவலாஞ்சி, அல்லது பழனி மலையின் மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் இரவு வெப்பநிலையைப் பதிவு செய்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், தேநீர் இடைவேளையில் இந்தப் பலகையருகே நிற்கும் எங்களிடம் பேசுங்கள். இரண்டு வெப்பமானிகளுக்கு இடையேயான உயரத்தையும் பள்ளத்தாக்கின் அகலத்தையும் சொல்ல முடிந்தால், அடுத்த குளிர்காலத்தில் ஒரே முறையில் சேர்ந்து அளக்கலாம்.