இருட்டைக் காதால் பார்க்கும் வௌவால்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், அண்ணன் அக்காக்களுக்கும், தம்பி தங்கைகளுக்கும் காலை வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கிறேன். அறிவியல் மன்றத்தின் சார்பில் எதிரொலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஏற்காட்டில் வளர்கிற நமக்கு எதிரொலி புதிதில்லை. எதிரே பாறைச்சரிவு இருந்தால் போதும், யாராவது ஒருவர் கூவிப் பார்க்காமல் நகர மாட்டோம். அப்படிக் கூவியபின் குரல் திரும்பிவர இரண்டு விநாடி ஆனது என்று வையுங்கள். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். இரண்டு விநாடியில் 680 மீட்டர். அது போய்வந்த தூரம். அதில் பாதி, 340 மீட்டர் தொலைவில் பாறை இருக்கிறது. டேப் வேண்டாம், பள்ளத்தில் இறங்க வேண்டாம், நின்ற இடத்திலேயே அளந்துவிட்டோம்.

இந்த வேகம் எல்லா இடத்திலும் ஒன்றுதானா? இல்லை. 15 டிகிரி குளிரில் சுமார் 340 மீட்டர். அதே நேரம் கீழே சேலத்தில் 35 டிகிரி வெயில் அடித்தால் சுமார் 352 மீட்டர். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகிறது.

சரி, வகுப்பறையில் ஏன் எதிரொலி கேட்பதில்லை? கேட்ட ஒலி நம் மூளையில் சுமார் பத்தில் ஒரு பங்கு விநாடி தங்குகிறது. அதற்குள் திரும்பி வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். தனியாகக் கேட்க, சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

இதே கணக்கைக் கடலுக்குள் போடுவதுதான் சோனார். 1912-இல் டைட்டானிக் பனிப்பாறையில் மோதி மூழ்கிய பிறகு, தண்ணீருக்குள் எதிரொலியால் தடைகளைக் கண்டுபிடிக்கும் முயற்சி சூடு பிடித்தது. முதல் உலகப்போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேட பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லான்ஜெவின் குவார்ட்ஸ் படிகத்தால் நம் காதுக்குக் கேட்காத மீயொலியை உண்டாக்கினார். நீரில் ஒலி விநாடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். கீழே அனுப்பிய ஒலி நான்கு விநாடியில் திரும்பினால் கடலின் ஆழம் 3000 மீட்டர்.

இனி வௌவாலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1793-இல் இத்தாலியில் ஸ்பல்லான்சானி என்ற பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். கும்மிருட்டு அறையில் ஆந்தை முட்டிமோதித் தடுமாறியது. வௌவால் சர்வசாதாரணமாகப் பறந்தது. கண் தெரியாத வௌவாலும் பறந்தது. ஜெனீவாவில் ஜூரின் என்பவர் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். உடனே அது கண்டதிலும் மோதியது. ஓசையே இல்லாமல் பறக்கும் பிராணிக்குக் காது எதற்கு என்று பலரும் இதை ஏற்கவில்லை. விடை கிடைக்க 1938 வரை ஆனது. டொனால்டு கிரிஃபின் அப்போது ஹார்வர்டில் மாணவர். மீயொலியைக் கண்டறியும் கருவியின் முன் அவர் வௌவால்களைக் கொண்டுபோய் வைத்ததும், அமைதி என்று நினைத்த இடத்தில் ஒரே சத்தம்! நம் காது 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். வௌவாலின் கத்தல் பெரும்பாலும் அதற்கு மேல். சில இனங்களின் வாயருகே அளந்தால் 120 டெசிபல் வரும். சாயங்காலம் நம் தலைக்கு மேல் அது பறக்கும்போது எவ்வளவு சத்தம் போடுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

ஒரு பூச்சி 3.4 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. எதிரொலி வர 20 மில்லி விநாடி. 34 சென்டிமீட்டர் தூரத்துக்கு நெருங்கியதும் 2 மில்லி விநாடிதான். கத்தல் நீளமாக இருந்தால் அது முடிவதற்குள் எதிரொலி வந்து கலந்துவிடும். அதனால் நெருங்க நெருங்கக் கத்தலைச் சுருக்குகிறது, அடுக்கடுக்காகக் கத்துகிறது. பிடிக்கப்போகும் கடைசி நொடியில் சில இனங்கள் விநாடிக்கு 200 முறை வரை கத்தும்! தன் சத்தமே காதைப் பாதிக்காதா? கத்தும் கணத்தில் நடுக்காதின் தசை இறுகி ஒலியைக் குறைக்கிறது. எதிரொலி வருவதற்குள் தளர்ந்துவிடுகிறது. இதையெல்லாம் அது பறந்துகொண்டே செய்கிறது!

பூச்சியும் சும்மா இருப்பதில்லை. சில அந்துப்பூச்சிகள் வௌவாலின் சத்தம் கேட்டதும் தாங்களே 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி அதைக் குழப்புகின்றன.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பெரிய மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்கள் எதிரொலியை நம்புவதில்லை. பெரிய கண்ணாலும் மோப்பத்தாலும்தான் பழத்தைத் தேடுகின்றன. வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு.

இன்று மதிய இடைவேளையில் மைதானத்தில் சுவரிலிருந்து 85 மீட்டரில் சுண்ணாம்புக்கோடு போட்டு வைக்கிறோம். அங்கே நின்று கைதட்டுங்கள். எதிரொலி வரும் அதே நொடியில் அடுத்த தட்டு விழும்படி தாளத்தைப் பிடியுங்கள். ஒலி போய்வர அரை விநாடி என்பதால், முதல் தட்டைப் பூஜ்யம் என்று எண்ணத் தொடங்கிப் பத்து வரை தட்ட ஐந்து விநாடி ஆக வேண்டும். ஸ்டாப்வாட்ச் மன்றத்தில் இருக்கிறது. வகுப்புக்கு இரண்டு பேர் வந்தால் போதும்.

நன்றி, வணக்கம்.