‘எங்கள் தெருவின் தண்ணீர்’ ஒப்படைப்பு: மதிப்பெண் அட்டவணை

இரண்டாம் ஆண்டு, மொழிப்பாடம் தமிழ் (பி.காம்., பி.எஸ்சி. பிரிவுகள்), பெங்களூரு
தாள் திருத்தும் மூன்று ஆசிரியர்களுக்கும், எழுதப்போகும் மாணவர்களுக்கும்

வினாத்தாளில் உள்ளது இவ்வளவுதான்:

“பெங்களூரில் நீங்கள் வாழும் பகுதிக்குக் குடிநீர் வந்த விதத்தை முதியவர் ஒருவரிடம் கேட்டறிந்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டு, 800 சொற்களுக்கு மிகாமல் கட்டுரை வரைக. கருத்தாழம், சொந்த முயற்சி, தெளிவான நடை, நேர்த்தி ஆகியவற்றுக்கு ஏற்ப மதிப்பெண் வழங்கப்படும். (25)”

சென்ற ஆண்டு இதே போன்ற வரியை வைத்துக்கொண்டு நம்மில் இருவர் ஒரே கட்டுரையைத் திருத்தினோம். ஒருவர் 21 போட்டார், மற்றவர் 13 போட்டார். இருவரும் கவனமாகத்தான் படித்தோம். ‘கருத்தாழம்’ என்ற சொல்லை அவர் ஒரு விதமாகவும் நான் வேறு விதமாகவும் எடுத்துக்கொண்டோம். அந்த எட்டு மதிப்பெண் இடைவெளியை மாணவி சுமக்க வேண்டியதில்லை. ஆகவே இம்முறை ஒவ்வொரு சொல்லுக்கும் தாளில் கண்ணால் காணக்கூடிய ஓர் அடையாளத்தை எழுதி வைக்கிறேன்.

முதலில் வினாவின் வினைச்சொற்களைப் பார்த்தேன்: கேட்டறிந்து, ஒப்பிட்டு, வரைக. ஒப்பிடச் சொல்லிவிட்டு, மதிப்பெண் வரியில் ஒப்பீடு என்ற பேச்சே இல்லை. கேட்டறியச் சொன்னதும் ‘சொந்த முயற்சி’ என்ற இரண்டு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. மாணவர் உண்மையில் உழைப்பது இந்த இரண்டிலும்தான். எனவே 25இல் 16 இவற்றுக்கே. ‘கருத்தாழம்’ என்பதை இரண்டாகப் பிரித்தேன்: ஒப்பிட்டுக் காரணம் காண்பது ஒன்று, செய்தி சரியாக இருப்பது மற்றொன்று. ஒன்றில் சிறந்தவர் மற்றொன்றில் சறுக்கலாம். சேர்த்து எடைபோட்டால் எது குறைந்தது என்று மாணவருக்குத் தெரியாமலே போகும்.

| கூறு | மேல்நிலை | நடுநிலை | தொடக்கநிலை |
|---|---|---|---|
| கேட்டறிதல் (8) | 7–8: முதியவரின் சொந்த வார்த்தைகள் உள்ளன, இடம், நேரம், பாத்திரம், தூரம் போன்ற நேரடி விவரங்கள் குறைந்தது மூன்று உண்டு, அவர் சொன்னதை ஒட்டி மேலும் ஒரு கேள்வி கேட்டது தெரிகிறது | 4–6: இன்னார் சொன்னார் என்பது தெளிவு, விவரம் ஒன்றோ இரண்டோ, மேற்கேள்வி இல்லை | 1–3: “அந்தக் காலத்தில் தண்ணீர் நன்றாக வந்தது” போன்ற பொதுப்பேச்சு மட்டும், யாரிடம் கேட்டார் என்பதே மங்கல் |
| ஒப்பீடு (8) | 7–8: அன்று, இன்று இரண்டையும் ஒரே அளவுகோலால் பார்க்கிறார் (யார் சுமந்தார், எவ்வளவு நேரம், என்ன செலவு), மாற்றத்துக்கு ஒரு காரணமாவது சொல்கிறார் | 4–6: இரண்டும் உள்ளன, ஆனால் தனித்தனிப் பத்திகளாக நிற்கின்றன, காரணம் இல்லை | 1–3: ஏதேனும் ஒரு காலம் மட்டும் |
| செய்தித் திருத்தம் (4) | 4: ஆண்டு, இடம், அளவு சரி, எங்கிருந்து தெரிந்தது என்ற குறிப்பு உண்டு | 2–3: ஒரு பிழை, அல்லது குறிப்பு இல்லை | 1: பிழைகள் பல |
| நடை (3) | 3: ஒரே வாசிப்பில் புரிகிறது; பத்திக்கு ஒரு செய்தி | 2: சில இடங்களில் திரும்பிப் படிக்க வேண்டியுள்ளது | 1: தொடர்பு பல இடங்களில் அறுகிறது |
| நேர்த்தி (2) | 2: சொல் எல்லைக்குள், தலைப்பும் பத்திப் பிரிப்பும் உண்டு | 1: இவற்றில் ஒன்று இல்லை | 0: ஒன்றுக்கு மேற்பட்டவை இல்லை |

ஒரு கூறுக்கு விடையில் எதுவுமே இல்லையென்றால் அங்கே 0.

‘மிக நன்று, நன்று, பரவாயில்லை’ என்று கட்டங்களை நிரப்புவது எளிது. அப்படிச் செய்தால் பழைய சண்டை கட்டத்துக்குள் குடிபுகும், அவ்வளவுதான். ஒரு நிலைக்கும் அடுத்த நிலைக்கும் இடையே தாளில் என்ன கூடுகிறது என்பதே எழுதப்பட வேண்டும்.

அட்டவணை வேலை செய்கிறதா என்று பார்க்க நானே இரண்டு சிறு பகுதிகளை எழுதிப் பார்த்தேன். முதலாவது:

“எங்கள் பாட்டி காலத்தில் தண்ணீருக்குக் கஷ்டமே இல்லை. மக்கள் ஏரிகளைப் பாதுகாத்தனர். இன்று மனிதனின் பேராசையால் நீர்வளம் அழிந்துவிட்டது.”

இரண்டாவது:

“ஸ்ரீராமபுரத்தில் நாலு தெருவுக்கு ஒரே நல்லி என்றார் பாட்டி. விடியற்காலை நான்கு மணிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் அடுப்பு பற்றவைப்பாராம். குடத்தை யாராவது நகர்த்திவிட்டால் என்று கேட்டேன். ‘எம் பையனை அங்கேயே படுக்க வெச்சிருப்பேன்’ என்றார். அந்தப் பையன்தான் என் அப்பா. இன்று எங்கள் சம்ப்பில் தண்ணீர் தீர்ந்தால் அப்பாதான் டேங்கருக்கு போன் செய்கிறார்.”

முதலாவது பிழையில்லாத மேடைத்தமிழ். பழைய பழக்கத்தில் அதற்கே நான் கூடுதலாகப் போட்டிருப்பேன். இந்த அட்டவணைப்படி கேட்டறிதலில் அதற்கு 2 தாண்டாது. இரண்டாவதுக்கு 8: நேரம், இடம், பாத்திரம், மேற்கேள்வி, பாட்டியின் குரல், எல்லாம் இருக்கின்றன. ஒப்பீட்டில் இந்த அளவோடு நின்றால் 6தான். காத்துக்கிடந்தவர் யார் என்ற ஒரே அளவுகோல் வந்துவிட்டது. ஏன் மாறியது என்பது இன்னும் வரவில்லை.

நல்லி, சம்ப், போர்வெல் போன்ற சொற்களுக்கு நடையில் ஒரு மதிப்பெண்ணும் குறைக்க வேண்டாம். பெங்களூர்த் தமிழர் வீட்டில் குழாய்க்கு நல்லி என்றுதான் பெயர். அது கன்னடத்திலிருந்து வந்தது என்பதற்காக மாணவரைத் தண்டித்தால் பாட்டியின் வாயை நாமே அடைத்ததாகும். மேற்கோளுக்குள் பேச்சுத்தமிழும் அப்படியே இருக்கலாம். மாணவரின் சொந்த வாக்கியங்கள் மட்டும் எழுத்துத்தமிழில் அமையட்டும்.

செய்தித் திருத்தத்துக்கு மூவரும் ஒரே குறிப்பை வைத்துக்கொள்வோம். ஹெசரகட்டாவிலிருந்து குழாய் நீர் வந்தது 1890களில். திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் 1933இல். காவிரி குடிநீர்த் திட்டத்தின் முதற்கட்டம் 1974இல். காவிரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. மெஜஸ்டிக் பஸ் நிலையம் தர்மாம்புதி ஏரி இருந்த இடம். கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரி இருந்த இடம். முதியவரின் நினைவில் ஆண்டு ஓரிரண்டு தள்ளி வந்தால் அது மாணவரின் பிழையாகாது. “பாட்டி இப்படி நினைவுகூர்கிறார்” என்று எழுதியிருந்தாலே போதும். அதையே வரலாற்றுச் செய்தியாக மாணவர் தம் குரலில் சொன்னால்தான் குறைக்க வேண்டும்.

ஒரே குறைக்கு இரண்டு கட்டங்களில் வெட்டக் கூடாது. பேட்டியே எடுக்காதவர் கேட்டறிதலில் 0 பெறுவார். அதற்காக ஒப்பீட்டிலும் கை வைக்க வேண்டாம், அங்கே எழுதியிருப்பதற்கு உரியதைக் கொடுங்கள். தாமதத்துக்கு வினாத்தாள் ஒன்றும் சொல்லவில்லை. முன்கூட்டிச் சொல்லாத எதற்கும் நாம் மதிப்பெண் குறைப்பதில்லை. கையெழுத்துக்கும் அப்படியே.

‘முதியவர்’ என்பதை அறுபது வயது கடந்தவர் என்று கொள்வோம். விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கு இங்கே பாட்டி இல்லை. விடுதிக் காவலாளி, கடைக்காரர், அல்சூரிலோ மர்ஃபி டவுனிலோ நீண்டகாலம் வாழும் யாராக இருந்தாலும் சரி. தொலைபேசியில் பேசியதும் செல்லும். பேசியவரின் பெயரை எழுத வேண்டியதில்லை, வயதும் பகுதியும் போதும்.

இந்தத் தாளைத் திங்கட்கிழமை வகுப்பில் கொடுத்துவிடுகிறேன். கட்டுரைகள் வந்ததும் முதல் மூன்றை மூவரும் தனித்தனியே திருத்துங்கள், எண்ணைத் தாளின் மேல் எழுதாமல் தனிக் காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மொத்தத்தில் இரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் எந்தக் கட்டத்தில் பிரிந்தோம் என்று பார்த்து, அந்தக் கட்டத்தின் வாசகத்தைத் தெளிவாக்கிய பிறகே நான்காவது தாளை எடுப்போம்.